பீன்ஸும் இறைச்சியும் ஜாடியில் அடைக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

பீன்ஸ், கேரட், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, காளான், எல்லா வகை இறைச்சி, மீன் ஆகிய அத்தனையும் புளிப்புக் குறைந்த உணவுகள். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்கு மேல் இருப்பவை; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இவற்றை ஜாடியில் அடைத்து அலமாரியில் வைப்பதென்றால், ஜாடிகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய பாத்திரமான பிரஷர் கேனர் கட்டாயம் வேண்டும். மண்ணிலிருந்து காய்கறியோடு வரும் பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இந்த வித்துகளைச் சமையலறைக்குச் சாத்தியமான நேரத்தில் அழிக்க 116 முதல் 121 டிகிரி வரை வேண்டும், அது அழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும். கொதிநீர் மற்ற கிருமிகளை ஒழித்து, காற்றையும் வெளியேற்றி, பிழைத்த வித்துகளுக்குப் போட்டியில்லாத, காற்றில்லாத இடத்தை உண்டாக்கித் தருகிறது. அறைச் சூட்டில் அவை அங்கே முளைத்து நச்சு உண்டாக்கும்.

கீழே உள்ள நேரமும் அழுத்தமும் அமெரிக்க வேளாண்மைத் துறை சோதித்து வெளியிட்ட அளவுகள். ஜாடி அளவுகளும் அவற்றின்படியே: பைண்ட் என்பது ஏறத்தாழ அரை லிட்டர், குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். அதைவிடப் பெரிய ஜாடிக்கு இந்த நேரங்கள் செல்லாது.

## அறிகுறி: கொதிநீரில் மட்டும் வேகவைத்தாயிற்று, மூடி நன்றாக ஒட்டியிருக்கிறது

எல்லாம் சரியாக நடந்ததுபோலவே தெரியும். மூடி "டிக்" என்று உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், நீர் தெளிவாக இருக்கும், வாசனையும் நன்றாக இருக்கும். மூடி ஒட்டுவது வெற்றிடம் உண்டானதற்கு மட்டுமே அடையாளம். உள்ளே வித்துகள் செத்தனவா என்பதை அது சொல்லாது.

24 மணி நேரம் ஆகவில்லை என்றால்: மூன்று வழிகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சாதாரணமாகச் சமைத்த உணவைப்போல மூன்று நான்கு நாட்களில் தீர்த்துவிடலாம். உறைபெட்டியில் வைக்கலாம், கண்ணாடி ஜாடியிலேயே வைப்பதானால் மேலே ஏறத்தாழ 4 செ.மீ. இடம் விடுங்கள், இல்லையென்றால் நீர் உறைந்து விரியும்போது கண்ணாடி விரிசல் விடும். அல்லது திறந்து, உணவை மறுபடி கொதிக்க வைத்து, சூடான சுத்தமான ஜாடியில் புது மூடி போட்டு, பிரஷர் கேனரில் முழு நேரமும் வைக்கலாம். கொதிநீரில் இருந்த நேரத்தை இதில் கழிக்கக் கூடாது. பீன்ஸ் குழைந்துபோகும் என்பதால் காய்கறிக்கு உறைபெட்டியே மேல்.

24 மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் இருந்துவிட்டால்: கொட்டவேண்டியதுதான். ருசி பார்க்காதீர்கள். எப்படிக் கொட்டுவது என்பது கடைசிக்கு முந்தைய பகுதியில் இருக்கிறது.

"மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தேனே" என்று அடிக்கடி கேட்கிறோம். புளிப்புக் குறைந்த உணவைக் கொதிநீரில் பாதுகாப்பாக்க 7 முதல் 11 மணி நேரம் ஆகும் என்று அதே துறை கணக்குச் சொல்கிறது. அவ்வளவு நேரம் வெந்தபின் அங்கே சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுவதும், மேலே எண்ணெய் ஊற்றுவதும் உதவாது. எண்ணெய் காற்றைத் தடுத்து வித்துகளுக்குத்தான் துணைபோகும். வினிகரில் ஊறுகாயாகப் போடும் சோதித்த முறைகள் வேறு கணக்கு. அங்கே ஜாடி முழுவதும் பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கிவிடுவதால் கொதிநீர் போதும்.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்தில் 29 பேருக்கு இந்த நச்சு ஏறியது, ஒருவர் இறந்தார். காரணம் உருளைக்கிழங்கு சாலட். அதிலிருந்த கிழங்கு, வீட்டில் கொதிநீரில் மட்டும் வைத்து அடைத்தது. ஜாடியைத் திறந்தபின் கிழங்கை மறுபடி சூடாக்கவும் இல்லை.

## அறிகுறி: அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது

செலவில்லாத காரணத்திலிருந்து வாருங்கள்.

முதலில் தண்ணீர். கேனருக்குள் 5 முதல் 8 செ.மீ. சூடான நீர் இருக்க வேண்டும். பிரஷர் கேனரில் ஜாடிகள் மூழ்க வேண்டியதில்லை, கழுத்துவரை நிரப்பினால் கொதி வரவே வெகு நேரம் பிடிக்கும்.

அடுத்தது மூடியின் விளிம்பு. கண்ணால் பார்க்கையில் தெரியாத கசிவு உண்டு. உலர்ந்த ஸ்பூனை விளிம்பையொட்டி மெல்ல நகர்த்திப் பாருங்கள். கசியும் இடத்தில் ஸ்பூன் மங்கி நீர் கோக்கும். கையைக் கொண்டுபோகாதீர்கள், நீராவி கண்ணுக்குத் தெரியுமுன் சுட்டுவிடும். ஒரே இடத்தில் கசிந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்டில் பருக்கையோ காய்ந்த கறையோ ஒட்டியிருக்கும். அடுப்பை அணைத்து, அழுத்தம் முழுக்க இறங்கியபின் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். சுற்றிலும் கசிந்தால் கேஸ்கெட் காய்ந்து சுருங்கிவிட்டது. விரலால் வளைத்தால் விரிசல் தெரியும், மாற்றவேண்டியதுதான். மாற்றும்போது ரப்பர் பாதுகாப்பு அடைப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றே.

பிறகு அடுப்பு. பெரிய கேனருக்குச் சின்ன பர்னர் போதாது. கசிவு இல்லை, தண்ணீர் சரி, ஆனாலும் அரை மணி நேரமாக அழுத்தம் காட்டும் முள் 6 பவுண்டிலேயே நிற்கிறது என்றால் சூடு போதவில்லை என்று பொருள்.

மூடி கீழே விழுந்து வளைந்திருந்தாலோ, பாத்திரத்தின் அடி புடைத்திருந்தாலோ தட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள், அவர் முடியாது என்றால் அந்தப் பாத்திரத்தைக் கைவிடுங்கள்.

## அறிகுறி: அழுத்தம் ஏறியது, நடுவில் இறங்கிவிட்டது

மிக அடிக்கடி நடப்பதும், "பரவாயில்லை" என்று மிக அடிக்கடி விட்டுவிடுவதும் இதைத்தான். விதி ஒன்று: குறித்த அழுத்தத்துக்கு ஒரு நிமிடம் கீழே போனாலும், மறுபடி ஏற்றி, நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்வது, கூட ஐந்து நிமிடம் சேர்ப்பது எதுவும் கணக்கில் சேராது. உணவின் நடுப்பகுதி எவ்வளவு ஆறியது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். குவார்ட் ஜாடிகளில் இறைச்சித் துண்டுகள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர், முள் வைத்த கேனர். குறி 11 பவுண்டு, 90 நிமிடம். நீராவியைப் பத்து நிமிடம் வெளியேவிட்டு, வெயிட் போட்டு, முள் 11-ஐத் தொட்டதும் கடிகாரம் தொடங்குகிறது. 55-ஆவது நிமிடத்தில் பார்க்கையில் முள் 9-இல் நிற்கிறது, சுடர் சிறுத்திருக்கிறது. சுடரைக் கொஞ்சம் கூட்டி மறுபடி 11-க்குக் கொண்டுவருகிறோம். அந்த நொடியிலிருந்து முழுதாக 90 நிமிடம். முன்னே ஓடிய 55 நிமிடம் வீண்தான். இறைச்சி கொஞ்சம் நார்நாராகப் பிரியும், கெடுதல் ஏதும் இல்லை.

ஆனால் இங்கே ஒன்றைச் சேர்த்து யோசிக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் ஓடப்போகிற கேனரில் தண்ணீர் மிச்சமிருக்குமா? கசிவு இல்லாமல், வெயிட் மெதுவாக ஆடியிருந்தால் இருக்கும். வெயிட் இடைவிடாமல் சீறியிருந்தாலோ, விளிம்பில் கசிந்திருந்தாலோ நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாகப் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து, திறந்து, கொதிநீர் ஊற்றி, மறுபடி பத்து நிமிடம் நீராவி விட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். வறண்ட கேனரில் அடி உருகி உருக்குலைவதும் உண்டு.

இறங்கியதற்குக் காரணம் தேடும்போது முதலில் அடுப்பைப் பாருங்கள்: எரிவாயு தீர்ந்துகொண்டிருக்கலாம், ஜன்னல் காற்று சுடரை அசைக்கலாம், மின்னடுப்பு தானாக அணைந்து அணைந்து எரியலாம். பாதியில் எரிவாயு தீர்ந்து, மாற்று உருளை இல்லையென்றால் அந்த ஜாடிகள் பதப்படாதவை. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகட்டும். 24 மணி நேரத்துக்குள் மறுபடி செய்யலாம்.

இதைத் தவிர்க்க, தொடக்கத்திலிருந்தே முள்ளைக் குறிக்கு அரைப் பவுண்டு மேலே வைத்துக்கொள்ளுங்கள். சுடரைப் பெரிதாகக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தால் ஜாடிக்குள் இருக்கும் நீர் வெளியே வந்துவிடும்.

## அறிகுறி: முள் சரியாகக் காட்டியது, ஆனாலும் ஜாடிகள் கெட்டன

இதுதான் ஏமாற்றும் வகை. குறி சரி, நேரம் சரி, உள்ளே சூடு மட்டும் போதவில்லை.

காற்று வெளியேறவில்லை. வெயிட் போடுமுன் நீராவியைப் பத்து நிமிடம் வெளியே விட்டீர்களா? உள்ளே காற்று தங்கினால், முள் காட்டும் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையது. முள் 11 காட்டும், சூடோ அதற்குரிய அளவைவிடக் குறைவாக இருக்கும். குழாயிலிருந்து லேசாகப் புகை வருவதை வைத்து நேரம் எண்ணாதீர்கள். கூம்புபோல் நேராக, இரைச்சலோடு, விட்டுவிடாமல் பீறிட ஆரம்பித்தபிறகே பத்து நிமிடம். நீராவிக் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து, துவாரத்தின் வழியே பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய கம்பியோ நூலோ விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

ஊரின் உயரம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே குறியில் சூடும் குறைகிறது. ஆயிரம் அடிக்கு (சுமார் 300 மீட்டர்) மேல் இருக்கும் ஊரில் வெயிட் வகைக் கேனருக்கு 10 பவுண்டுக்குப் பதில் 15. முள் கேனருக்கு 2,000 அடி வரை 11, 4,000 அடி வரை 12, 6,000 வரை 13, 8,000 வரை 14. உங்கள் ஊரின் உயரத்தை ஒருமுறை பார்த்து மூடியின் உட்புறம் ஒட்டி வைத்தால்கூட நல்லதுதான்.

முள் பொய் சொல்கிறது. கேஜை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இதை வீட்டில் செய்ய முடியாது, சோதிக்கும் கருவி உள்ள இடத்துக்கோ தயாரிப்பாளருக்கோ போக வேண்டும். உண்மையான அழுத்தத்தைவிடக் கூட்டிக் காட்டும் முள்தான் ஆபத்து. 2 பவுண்டுக்கு மேல் தப்பாக இருந்தால் கேஜை மாற்றிவிடுங்கள். கீழே விழுந்த கேஜையும் அப்படியே. வெயிட் வகை இந்தத் தொல்லை இல்லாதது, அதற்குச் சோதனை தேவையில்லை. எங்களைக் கேட்டால் புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கலாம். ஆனால் அது எப்படி ஆட வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சில நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை ஆடும், சில தொடர்ந்து மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். கையேட்டைப் பாருங்கள்.

பாத்திரமே தப்பு. சாதாரணச் சமையல் குக்கரில் இரண்டு ஜாடி வைத்து விசில் எண்ணுவது கேனிங் ஆகாது. சோதித்த நேரங்களெல்லாம் குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகள் நிமிர்ந்து நிற்கும் பெரிய பாத்திரத்துக்கானவை. பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அந்த ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் கிருமியைக் கொல்லும் கணக்கில் சேர்ந்தவை. சின்ன குக்கர் சட்டென்று ஏறி சட்டென்று ஆறிவிடும், கணக்கில் ஒரு பங்கு காணாமல் போகும். மின்சார மல்டிகுக்கரும் இதே ரகம்தான். கேனரையே பச்சைத் தண்ணீரில் காட்டி ஆறவைத்தால் அதுவும் இதே தவறு.

உள்ளே இருப்பது கெட்டியாக இருக்கிறது. பூசணிக் கூழ், மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு, அரிசி அல்லது நூடுல்ஸ் போட்ட சூப் இவற்றுக்குச் சோதித்த நேரம் கிடையாது. நீராக இருந்தால் சூடு சுழன்று நடுவுக்குப் போகும், கூழில் அப்படிப் போகாது. இறைச்சியைத் தெளிந்த சாற்றில் அடையுங்கள், கெட்டியாக்குவதைத் திறந்தபின் வைத்துக்கொள்ளலாம். பீன்ஸ் பைண்டுக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25. இறைச்சித் துண்டு 75, 90. இரண்டையும் கலந்து அடைத்தால் நீளமான நேரம்தான் செல்லும்.

## அறிகுறி: ஜாடிக்குள் நீர் பாதி காணோம்

பெரும்பாலும் அவசரமே காரணம். அடுப்பணைத்ததும் வெயிட்டைத் தூக்கிவிட்டால், வெளியே அழுத்தம் திடீரென்று விழ, ஜாடிக்குள் இருக்கும் நீர் பொங்கி மூடி வழியே வெளியேறும். முள் பூஜ்யத்துக்கு வந்தபின் வெயிட்டை எடுத்து, பத்து நிமிடம் விட்டு, நீராவி உங்கள் முகத்தில் படாதபடி மூடியை மறுபக்கமாகத் திறவுங்கள். அடைக்கும்போது மேலே 2.5 செ.மீ. இடம் விடாததும், ஓரங்களில் பிளாஸ்டிக் கரண்டி ஓட்டிக் காற்றுக் குமிழை எடுக்காததும் மற்ற காரணங்கள்.

மூடி ஒட்டியிருந்து, பாதிக்கு மேல் நீர் மிஞ்சியிருந்தால் அலமாரியில் வைக்கலாம். நீருக்கு மேலே நிற்கும் துண்டு நிறம் மாறும், அவ்வளவுதான். பாதியோ அதற்கு மேலோ போய்விட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீருங்கள். நீர் சேர்க்கவென்று திறக்காதீர்கள், திறந்தால் அது பதப்படாத ஜாடிதான்.

## அறிகுறி: மூடி ஒட்டவில்லை

12 முதல் 24 மணி நேரம் ஆறியபின் மூடியின் நடுவை அழுத்துங்கள். மேலும் கீழும் ஆடினால் ஒட்டவில்லை. இறைச்சி ஜாடியில் விளிம்பில் படிந்த கொழுப்புதான் முதல் சந்தேகம். அடைக்குமுன் வினிகர் தொட்ட துணியால் விளிம்பைத் துடையுங்கள். அடுத்தது விளிம்பில் நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் சின்னச் சிதைவு. அந்த ஜாடியைப் பருப்பு வைக்கப் பயன்படுத்தலாம், கேனிங்குக்கு ஆகாது. மூடியின் தகடே மடிந்து வளைந்திருந்தால் வளையத்தை மிக இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். விரல் நுனியால் திருகும் இறுக்கமே போதும், காற்று வெளியேற வழி வேண்டும்.

## அறிகுறி: சில வாரம், சில மாதம் கழித்து மூடி உப்புகிறது

உப்பிய மூடி, கசிவு, திறக்கும்போது நீர் பீறிடுவது, புளித்த வாடை, அடியிலிருந்து ஏறும் குமிழ்கள் இவற்றில் எது இருந்தாலும் சோதிக்க ஒன்றுமில்லை, எறிந்துவிட வேண்டியதுதான். கலங்கல் மட்டும் இருந்தால் கிழங்கின் மாவோ, கட்டிபடாத உப்பில் சேர்க்கும் பொருளோ, கடின நீரோ காரணமாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அழுத்தம் விடாமல் இருந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியாதென்றால் அதையும் எறியுங்கள். இந்த நச்சு எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கும் என்பதால், நல்லபடியாகத் தோன்றும் ஜாடியையும் திறந்ததும் பத்து நிமிடம் கொதிக்க வைத்தபின் சாப்பிடுங்கள். ஊரின் உயரத்தில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். கொதி நச்சைச் சிதைக்கும். சந்தேகப்பட்ட ஜாடியைக் காப்பாற்ற இந்த வழியைப் பயன்படுத்தாதீர்கள்.

எறியும் முறை: உப்பியிருந்தும் மூடி இன்னும் ஒட்டியிருந்தால் திறக்காமல் கனமான பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கசிந்தோ திறந்தோ இருந்தால் கையுறை போட்டு, ஜாடியைப் படுக்கவைத்து, மூடியோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் வைத்து, மேலே 2.5 செ.மீ. நிற்கும்படி தெறிக்காமல் நீர் ஊற்றி, பாத்திரத்தை மூடி 30 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு எறியுங்கள். சிந்திய இடத்தில் ஒரு பங்கு ப்ளீச், ஐந்து பங்கு நீர் கலந்து ஊற்றி, 30 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். துடைத்த துணியையும் எறிந்துவிடுங்கள்.

## அறிகுறி: ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று

பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நா குழறுவது, விழுங்கச் சிரமம், வாய் வறட்சி, பிறகு கழுத்து, தோள், கை என்று கீழ்நோக்கி இறங்கும் தளர்ச்சி. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும், சில நாட்கள் தள்ளியும் வரலாம். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும், அதனாலேயே "களைப்பு" என்று தள்ளிப்போடுவார்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வீட்டில் அடைத்த ஜாடி உணவு சாப்பிட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நச்சுமுறிவு மருந்து இன்னும் நரம்பில் ஒட்டாமல் இரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தளர்ந்த தசையை உடனே மீட்காது. மூச்சுத் தசை தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். மிச்சமிருக்கும் ஜாடியைக் கொட்டாமல், மூடி, இரட்டைப் பையில் கட்டி, சோதனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே ஜாடியில் சாப்பிட்ட மற்றவர்களையும், அறிகுறி இல்லாவிட்டாலும், கூடவே அழைத்துப் போங்கள்.